பைய நட மீனா: பழனிக்கு முதல்முறை நடக்கிறவளுக்கு அனுப்பிய மெசேஜ்கள்

மீனாவுக்கு மதுரை முனிச்சாலையில் தையல் கடை. இந்த வருஷம்தான் முதல்முறையாகத் தைப்பூசத்துக்கு நடக்கிறாள். நான் முன்னாடி நடந்தவள். இப்போது திருப்பூரில் கம்பெனி வேலை, அஞ்சு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்காது. அதனால் வாட்ஸ்அப்பிலேயே துணைக்குப் போனேன்.

மாலை போட்ட அன்று

மாலை போட்டாச்சா! இனிமே உன்னை 'டி' போட்டுக் கூப்பிடக் கூடாதாம், எங்க அம்மா திட்டுறாங்க. சரிங்க சாமி. பழனி வரைக்கும் மரியாதைதான். மாலையைக் கழட்டுன மறு நிமிஷம் இருக்குடி உனக்கு.

அன்று ராத்திரி

மேப்புல பாத்துட்டு 120 கிலோமீட்டரான்னு பதறுறியே, அதை யாரு ஒரே நாள்ல நடக்கச் சொன்னா? அஞ்சு நாள் சாமி. ஒரு நாளைக்கு மதுரைக்கும் வாடிப்பட்டிக்கும் உள்ள தூரம். அதுக்கு நடுவுல இட்லி உண்டு, காபி உண்டு, மத்தியானம் மரத்தடியில ஒரு தூக்கமும் உண்டு. மேப்பை மூடிட்டுப் படு.

நடந்து பழகத் தொடங்கிய முதல் நாள் காலை

தெப்பக்குளத்தை ரெண்டு சுத்து சுத்துனியா? ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். ரெண்டே சுத்துதானான்னு உனக்குத் தோணும். நேத்து வரைக்கும் கடைக்கும் வீட்டுக்கும் ஸ்கூட்டியில போனவ நீ. ரெண்டு போதும்.

மூணாம் நாள்

கெண்டைக்கால் பிடிச்சுக்குச்சா? வரட்டும், வரணும். ராத்திரி வெந்நீர் ஊத்திக்க. நாளைக்கு ஒரு சுத்து மட்டும், அதுவும் பைய.

அதே நாள், அரை மணி நேரம் கழிச்சு

"மெஷின் மிதிச்ச கால், இதெல்லாம் எம்மாத்திரம்"னு பீத்திக்கிட்டது யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. சும்மா கேட்டேன்.

முதல் வாரக் கடைசி

வேகம் சரியா இருக்கான்னு பாக்க வாட்சு கீட்சு எதுவும் வாங்காத. பேசிக்கிட்டே நடந்து பாரு. மூச்சு வாங்காம ஒரு முழுக் கதை சொல்ல முடிஞ்சா அதுதான் உன் வேகம். நடுவுல பேச்சு நின்னா நீ ஓடுறேன்னு அர்த்தம். உனக்குப் பேச்சு நின்னு நான் பாத்ததே இல்ல, அதனால கவலையும் இல்ல.

மார்கழி, ஒரு புதன்கிழமை

நாலு நாளா நடக்கலையா? தெரியும். பொங்கலுக்கு முன்னாடி பிளவுஸ் தைக்கிறவ எவளுக்கு நேரம் இருக்கு? கொக்கி, காஜா, ஹெம்மிங்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்திருப்ப. விட்ட நாலு நாளையும் ஞாயித்துக்கிழமை சேத்து வச்சு நடக்கலாம்னு மட்டும் நினைக்காத. அங்கதான் முழங்கால் போகும். விட்டது விட்டதுதான். நாளைக்கு என்ன நடக்கணுமோ அதை நட.

வியாழன் காலை 5:10

எந்திரி.

5:25

எந்திரிச்சுட்டேன்னு டைப் பண்றதுக்கும் எந்திரிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு சாமி. வாசல்ல கோலம் போட்டுட்டு அந்தக் கோலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பதான் நம்புவேன்.

5:50

கோலம் கோணல். ஆனா எந்திரிச்சது உண்மை. போயிட்டு வா!

கடைக்கு வந்த அக்கா கேலி பண்ணின அன்று

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா பழனிக்கு?"ன்னு கேட்டாங்களாக்கும். நீ ஒண்ணும் பதில் சொல்லாத. அந்த அக்கா பிளவுஸை அளவு மாத்தாம கரெக்டாத் தைச்சுக் குடு, அது போதும். பழனி ரோட்டுல வந்து பாரு, எழுவது வயசுப் பாட்டி தலையில சின்ன மூட்டையோட நமக்கு முன்னாடி போயிக்கிட்டு இருக்கும். ஒடம்பை எடை போட்டுப் பாத்து யாரும் அங்க உள்ள விடுறதில்ல.

திருப்பரங்குன்றம் போய் வந்த ஞாயிறு

வீட்டுலருந்து குன்றம் வரைக்கும் நடந்தே போயிட்டியா! அதுவும் வெறுங்காலோட! முதல் படைவீடு முடிஞ்சது. இன்னும் ஒரே ஒரு படைவீடுதான் பாக்கி, மூணாவது. (நடுவுல உள்ள திருச்செந்தூருக்கு பஸ்ல போய்க்கலாம், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.)

அன்று மாலை

காலைக் காட்டு. போட்டோ போடு, வெக்கப்படாத.

போட்டோ பார்த்த பிறகு

குதிகால் பக்கம் ஒரு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். கிள்ளாத, உரிக்காத. அந்தத் தோலு அப்படியே மேல கிடக்கட்டும், அதுதான் உள்ள உள்ளதுக்குப் போர்வை. சுத்தமாக் கழுவித் துடைச்சு வை. நாலு நாள் செருப்புப் போட்டு நட, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. அப்புறம் இன்னொண்ணு, இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க: தொடை உரசும். கிளம்புறதுக்கு முன்னாடி வாசலின் தடவிக்க, உள்ள காட்டன் லெக்கின்ஸ் போட்டுக்க. பாதி பேரு நடக்க முடியாமக் கால அகட்டி வச்சுப் போறது இதனாலதான். நீ தையக்காரி, தொடைப் பக்கம் தையல் உறுத்தாம உனக்கு நீயே ஒண்ணு தைச்சுக்கயேன்.

பொங்கல் அன்று

பொங்கலோ பொங்கல்! இன்னைக்கு நடக்க வேணாம். இன்னைக்கு ஒரு ஊசியையும் தொடக் கூடாது. கரும்பு தின்னு, காலை நீட்டி உக்காரு. அண்ணனைப் பாத்திரம் கழுவச் சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு.

அழகர்கோயில் ஒத்திகைக்கு முந்தின ராத்திரி

நாளைக்கு அழகர்கோயில் வரைக்கும். இருவது கிலோமீட்டர் பக்கம். இதை நடந்துட்டா பழனியில ஒரு நாள் கையில வந்த மாதிரி. நடுவுல உக்காந்தா அசிங்கம்னு நினைக்காத. கள்ளழகரே அந்த ரோட்டுல மதுரைக்கு வரும்போது மண்டகப்படி மண்டகப்படியா நின்னு நின்னுதான் வர்றாரு. நாம என்ன அவரை விடப் பெரிய ஆளா? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உக்காரு, தண்ணி குடி, கொஞ்சம் உப்புப் போட்ட மோர் குடி, எந்திரி.

மறுநாள் காலை 10:40

வந்துட்டியா!! வந்துட்டியா!! எங்க லைன்ல பக்கத்து மெஷின்காரிக்கு ஒண்ணும் புரியல, நான் கத்துன கத்துல சூப்பர்வைசர் வந்துட்டாரு. திரும்பி வரும்போது பஸ்ல வா. நடந்து திரும்பணும்னு ஒரு ஆசை வரும், அது வெறும் தலைக்கனம்.

கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி

மீனா, தூக்கம் வரலையா? எனக்கும் வரல, நடக்கப் போறது நீ. இந்தப் பழனி மலையில முருகன் ஏன் வந்து நிக்கிறார்னு யோசிச்சுப் பாரு. மயில்ல ஏறி உலகத்தையே சுத்தி எல்லாரையும் விட வேகமா வந்தவரு, பழத்தைக் கோட்டை விட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கிற இடம் அது. பழம் கிடைச்சது உக்காந்த இடத்துலயே பையச் சுத்துன அண்ணனுக்கு. அங்க போறதுக்கு நீ வேகமாப் போகணுமா என்ன?

முதல் நாள், விடியக்காலை 3 மணி

வெற்றிவேல்! குருசாமி நிக்கச் சொன்னா நில்லு, நடக்கச் சொன்னா நட. முதுகுப் பையில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிட்டியா? இருட்டுல லாரிக்காரனுக்கு நீ தெரியணும். வாடிப்பட்டி வரைக்கும் எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவாங்க. போகட்டும். சாயங்காலம் அவங்களைக் கால் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் பாப்ப.

முதல் நாள் மதியம்

தார் ரோடு சுட ஆரம்பிச்சிருக்கும். வெயில் தாழ நாலு மணி வரைக்கும் எந்திரிக்காத. அன்னதானத்துல சாப்பாடு நல்லாத்தான் இருக்கும், அளவாச் சாப்பிடு, வயிறு முட்டுனா நடக்க முடியாது. ரெண்டாவது தடவை கேசரி வாங்காத. வாங்கிட்டியா? சரி.

ரெண்டாம் நாள் காலை

இன்னைக்குத்தான் கஷ்டமான நாள், முன்னாடியே சொல்லிடுறேன். நேத்து உள்ள உற்சாகம் இருக்காது, பழனியும் கண்ணுல படாது. வலது பக்கம் சிறுமலை கூடவே வரும், எவ்வளவு நடந்தாலும் நகராத மாதிரியே இருக்கும். அதைப் பாக்காத. முன்னாடி போறவங்க பாடுற பாட்டைக் கேளு, கூடக் கத்து. சின்னாளபட்டி வந்தா சுங்குடிச் சேலைக் கடையைப் பாத்து நின்னுடாத. உனக்குச் சேலையைப் பாத்தா கால் தன்னால நிக்கும், அது எனக்குத் தெரியும்.

ரெண்டாம் நாள் ராத்திரி, போனில் அழுத பிறகு

அழுதது நல்லதுதான். நானும் அந்த இடத்துலதான் அழுதேன், அதே ரோடுதான். இப்ப ஒண்ணு மட்டும் பாத்துக்க. வலி நடக்க நடக்கக் குறைஞ்சா நட. நடக்க நடக்கக் கூடுனா, இல்ல முட்டி வீங்குனா, குருசாமிகிட்டச் சொல்லிட்டுக் கூட வர்ற வண்டியில ஏறிடு. வண்டியில ஏறுனவங்களுக்கு முருகன் தரிசனம் இல்லைன்னு எங்கயும் எழுதி வைக்கல. இப்போ காலைச் சுவத்துல தூக்கி வச்சுப் படு. காலையில பேசலாம்.

மூணாம் நாள் காலை

நடக்குறியா! அப்போ திண்டுக்கல் உன்னோடது. அங்கதான் காரைக்குடிப் பக்கத்துலருந்து நத்தம் வழியா வர்ற நகரத்தார் காவடியும் வந்து சேரும். தலைமுறை தலைமுறையா நடக்கிறவங்க. அவங்க நடையைக் கவனிச்சுப் பாரு, ஒருத்தர்கிட்டயும் அவசரம் இருக்காது.

நாலாம் நாள்

ஒட்டன்சத்திரமா! காய்கறி மார்க்கெட் வாசம் வருதா? பாதிக்கு மேல என்ன, முக்கால்வாசியே முடிஞ்சுடுச்சு. இனி இடது பக்கம் மலை வந்துடும், கடைசி வரைக்கும் கூட வரும். பாப்பா உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா, கேட்டியா? "அம்மா நீ இல்லாம அப்பா தோசை ரொம்ப கேவலம்"ங்கிறா. சீக்கிரம் வான்னு அர்த்தம் இல்ல, பைய வான்னுதான் அர்த்தம்.

அஞ்சாம் நாள் காலை

ஆயக்குடி தாண்டும்போது கொய்யாப்பழம் விப்பாங்க, ஒண்ணு வாங்கிக் கடிச்சுக்கிட்டே நட. அங்க எங்கயோ ஒரு இடத்துல மலையும் கோபுரமும் சட்டுன்னு தெரியும். எல்லாரும் அரோகரான்னு கத்துவாங்க. நீயும் கத்து, தொண்டை கிழியக் கத்து. அதுக்கப்புறம் கால் தன்னால வேகமாப் போகும். அப்பத்தான் பையப் போகணும், ரோட்டுல கூட்டம் அப்பும்.

மதியம் 12:15

பஸ் ஏறிட்டேன். ஒரே ஒரு நாள் லீவு குடுத்தாங்க. தாராபுரம் தாண்டிட்டேன், நீ வர்றதுக்கு முன்னாடி அடிவாரத்துல நிப்பேன். சொல்லாம வரணும்னுதான் நினைச்சேன், முடியல.

2:30

படி 690க்கு மேல இருக்கு, உன் முட்டிக்கு யானைப்பாதை போதும். சரிவாப் போகும். வழியில இடும்பனைக் கும்பிட்டுக்க. ரெண்டு மலையைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தவரு, நீ தூக்குறது ஒரு தண்ணி பாட்டில்.

3:05

பாத விநாயகர் கோயில்கிட்ட நிக்கிறேன். நீ எங்க?

3:12

பச்சைச் சேலைன்னு சொல்ற. இங்க கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பச்சைச் சேலைதான் சாமி. கையைத் தூக்கி ஆட்டு.

3:13

எல்லாரும் கையைத் தூக்குறாங்க, அரோகரா சொல்றாங்க. கையை இறக்கிட்டுப் போனை எடுடி!