பொருள்: தேயிலைக் கையேடு: ‘கத்தரித்தல்’ எல்லாம் ‘கவாத்து’ ஆகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை அனுப்பிய ஃபைல்களை எடுக்க வேண்டாம்

கார்த்திக் சார், வணக்கம்.

முதலில் அவசரமான விஷயம். வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய 9 ஃபைல்களில் 7 ஃபைல்களை மாற்றி இன்று மறுபடி ஏற்றியிருக்கிறேன். புதியவற்றின் பெயர் முடிவில் `_v2` என்று இருக்கும். டிசைனரிடம் புதன்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து `_v2` ஃபைல்களையே கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் `05_Pruning_TA_v2.docx` ஒன்றையாவது இன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாற்றங்களில் பாதி அதில்தான் இருக்கிறது.

மாறியிருப்பது ஒரே ஒரு சொல். உங்கள் சொற்பட்டியலில் pruning என்பதற்குக் ‘கத்தரித்தல்’ என்று இருந்தது. அதை மொத்தம் 191 இடங்களில் மாற்றியிருக்கிறேன், ஆறு இடங்களைத் தவிர எல்லாம் ‘கவாத்து’.

பட்டியலைக் கையில் வாங்கிய அன்றே இதை உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். தோட்டத்தில் கவாத்து என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிளையண்ட் கொடுத்த சொல், அகராதிப்படி சரியான சொல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவிடம் ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. “கத்தரித்த உடனே வெட்டுப்பட்ட இடத்தில் போர்டோ பசையைப் பூசவும்” என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். “கத்தரியில வெட்டுன உடனே மருந்து பூசுனா, அந்தக் கொழுந்தை எந்த ஃபாக்டரி வாங்கும்?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே ஆள் பற்றாக்குறையால் பல இடங்களில் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை, கத்தரி வைத்து வெட்டித்தான் எடுக்கிறார்கள். அதனால் ‘கத்தரித்த உடனே’ என்றால் இங்குள்ளவர்களுக்கு முதலில் தோன்றுவது அறுவடைதான். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியையே மட்டமாக வெட்டிவிடும் வேலை நினைவுக்கு வருவதில்லை. நாம் சொல்ல வந்தது வெட்டிய தண்டில் பூசும் பசை. அவர் புரிந்துகொண்டதோ அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போகும் கொழுந்து மேல் செம்பு மருந்து. சொல் அழகாக இல்லை என்பது மட்டும் பிரச்சினையாக இருந்தால் கொடுத்த ஃபைல்களில் நான் கை வைத்திருக்க மாட்டேன். விவசாயி தப்பாகச் செய்துவிடுவார் என்றால் விட முடியாது.

உங்கள் ரிவ்யூவர் ஒன்று கேட்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன். “கவாத்து என்றால் போலீஸ்காரர்கள் காலையில் செய்யும் பயிற்சி அல்லவா?” அதுவும்தான். ஆனால் தோட்டக்கலையில் இது பழைய சொல். மல்லிகைக்கும் கவாத்து, கொய்யாவுக்கும் கவாத்து. வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பக்கங்களிலும் இதைத்தான் பார்க்கலாம். தேயிலைச் செடி நடுவே நின்று ‘கவாத்து’ என்றால் யாரும் லெஃப்ட் ரைட் போட மாட்டார்கள்.

மாற்றிய விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ரீப்ளேஸ் ஆல்’ போடவில்லை, போடவும் முடியாது. ‘கத்தரித்தல்’ என்ற வடிவம் மொத்தமே 58 இடத்தில்தான் இருந்தது. மற்றதெல்லாம் கத்தரிக்க, கத்தரித்த, கத்தரித்து, கத்தரிக்காமல், கத்தரிப்பதற்கு என்று உருமாறி நின்றன. கவாத்து பெயர்ச்சொல் என்பதால் ஒவ்வொன்றையும் வாக்கியத்துக்குத் தகுந்தபடி எழுத வேண்டியிருந்தது. ‘கத்தரித்தலின்போது’ என்பது ‘கவாத்தின்போது’ ஆனது, ‘கத்தரிக்காத செடி’ என்பது ‘கவாத்து செய்யாத செடி’ ஆனது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் ‘கத்தரிக்கோல்’ எல்லாம் ‘கவாத்துக்கோல்’ ஆகியிருக்கும். OmegaT-இல் இதை வைத்துத் தேடி, ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்தேன்:

```
கத்தரி(?!க்கோ)(?=க்க|த்|ப்)
```

இதே தேடலைப் புதிய ஃபைல்களில் ஓட்டினால் ஒன்றும் வரக்கூடாது. வேர்டில் ‘கத்தரி’ என்று மட்டும் தேடினால் நான்காம் அத்தியாயத்தில் வரும். அங்கே பேச்சு கொழுந்து எடுக்கும் கத்தரியைப் பற்றி, அது அப்படியேதான் இருக்க வேண்டும். அந்த ஃபைலை நான் தொடவில்லை. முதல் அத்தியாயத்தில் இந்தச் சொல்லே இல்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் 96 இடம், நோய்கள் பற்றிய ஆறாவதில் 38, மாதவாரி வேலை அட்டவணையில் 27. மிச்சமெல்லாம் உர அத்தியாயம், ஆப், இரண்டு வீடியோக்களின் சப்டைட்டில் ஆகியவற்றில். ஆறாவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கவாத்துக்குப் பிறகு வரும் இளந்துளிரைக் கொப்புள நோய் எளிதாகப் பிடிக்கும் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் ‘கத்தரித்த பின்’ என்பது ஐந்து முறை அடுத்தடுத்து வந்தது. எல்லாவற்றையும் ‘கவாத்து செய்த பின்’ என்று போட்டால் படிக்க முடியவில்லை, எனவே இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். பொருள் மாறவில்லை.

ஆப் ஃபைலில் தமிழ் நெடுவரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. `prune_date` போன்ற கீ எதையும் தொடவில்லை. ‘கத்தரித்தல் பதிவு’ என்ற பட்டன் இப்போது ‘கவாத்துப் பதிவு’. நடுவில் இருக்கும் ‘ப்’ தட்டச்சுப் பிழை இல்லை, டெவலப்பர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலில் ஒரே ஒரு வரி நீண்டுவிட்டதால் இரண்டு வரியாக உடைத்தேன். நேரக்குறிகள் பழையபடியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் உங்கள் முடிவு வேண்டும். அந்த 191-இல் ஆறு இடங்கள் தேயிலைச் செடியைப் பற்றியவை அல்ல, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றியவை. ஆங்கிலத்தில் அங்கேயும் அதே prune-தான். நிழல் மரத்துக்கு இங்கே யாரும் கவாத்து என்று சொல்வதில்லை, கிளை கழிப்பது என்பார்கள். அப்படியே எழுதி, மஞ்சளில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்பது உங்கள் விதி என்றால் சொல்லுங்கள், அவற்றையும் கவாத்து ஆக்கிவிடுகிறேன். என்னைக் கேட்டால் இப்படியே விடலாம்.

சொற்பட்டியலிலும் அந்த வரியை மாற்றி, பழைய சொல்லின் பக்கத்தில் ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிட முக்கியம் `tea_TA_v2.tmx`. இரண்டாம் பாகத்தை வேறு மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பதாக இருந்தால் பழைய டிஎம்மைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ‘கத்தரித்தல்’ பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும்.

வேர்ட் ஃபைல்கள் எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கின்றன. ஒன்று சுத்தமானது, இன்னொன்றில் ட்ராக் சேஞ்சஸ் இருக்கும். பழைய ஃபைல்களையும் அழிக்கவில்லை. உங்கள் பக்கம் ‘கத்தரித்தல்’தான் வேண்டும் என்று முடிவானால் ஒரு வரி எழுதுங்கள், திருப்பிவிடலாம். ஆனால் அந்தப் போர்டோ பசை வரியையாவது அதற்கு முன் ஒரு விவசாயியிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.

இந்த வேலைக்குத் தனியாகப் பில் கிடையாது. வெள்ளிக்கிழமை அனுப்பிய இன்வாய்ஸ்தான்.

கோத்தகிரியில் நேற்றிலிருந்து மழை, கரண்ட் விட்டுவிட்டு வருகிறது. ஃபைல் ஏதாவது திறக்காவிட்டால் மெயிலுக்குக் காத்திருக்காமல் ஃபோன் பண்ணுங்கள், இரவு ஒன்பது வரை எடுப்பேன்.

நன்றி,
மகேஸ்வரி