ஒட்டுசுட்டான் பம்பு அறைப் பனல்: லொறியில் ஏற்றுமுன் பட்டறைச் சோதனைத் திட்டமும் சரிபார்ப்புப் பட்டியலும்

இடம்: வவுனியாப் பட்டறை
நாட்கள்: ஒக்டோபர் 14 புதன், 15 வியாழன், காலை 8.30 முதல்
ஏற்றும் நாள்: ஒக்டோபர் 17 சனி காலை
வருபவர்கள்: பனல் கட்டிய தம்பிமார் இருவர், சுற்று வரைந்தவர், வாடிக்கையாளர் பக்கப் பொறியியலாளர், குடிநீர்ச் சங்கத்தின் ஒப்பரேட்டர் அண்ணை

ஒப்பரேட்டர் அண்ணையை இரண்டாம் நாளாவது கட்டாயம் கூப்பிடுங்கள். பனலோடு வாழப்போகிறவர் அவர்தான்.

பனல்

15 கிலோவாட் பம்பு இரண்டு, ஸ்டார்-டெல்டா, 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும், ஒவ்வொரு முறையும் மாறி மாறி. 100 ஆம்பியர் வருகைப் பிரேக்கர், பேஸ் பார்க்கும் ரிலே, 24 வோல்ட் டீசீ சப்ளை, சிறிய பி.எல்.சி. நிலத்தொட்டிக்கு ஒரு மிதவை சுவிட்ச், மேல்தொட்டிக்கு இரண்டு.

ஏன் இரண்டு நாள்

போன வருடம் நான் கட்டிக் கொடுத்த ஒரு பனலில் நிலத்தொட்டி மிதவை, தண்ணீர் குறைந்தால் மூடும் வகையில் இணைக்கப்பட்டிருந்தது. இங்கே மிதவையைத் தூக்கி இறக்கிப் பார்த்தோம், சரியாக நின்றது. தளத்தில் அந்த வயரை எலி கடித்தது. வயர் அறுந்ததும் பனலுக்குத் தொட்டி எப்போதும் நிறைவுதான். பம்பு வெறுமனே ஓடிச் சீல் போனது. பிழை என்னுடையது. அதனால் இந்த முறை "வேலை செய்கிறதா" என்பதைவிட "அறுந்தால் என்ன ஆகும்" என்பதற்கே கூடுதல் நேரம்.

இன்னொன்று, இங்கே ஒரு கொன்டாக்டர் பழுதென்றால் கடைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம். அங்கே போனபின் மாங்குளம் வரை திரும்பி வர வேண்டும். மழை பிடித்தால் கடைசிக் கிரவல் பாதையில் வாகனமே இறங்காது.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

திங்கட்கிழமைக்குள் கடைசித் திருத்தத்தோடு சுற்றுப்படம் இரண்டு பிரதி. 500 வோல்ட் மெகர், கிளாம்ப் மீட்டர், முறுக்குச் சாவி, கரண்ட் செலுத்தும் கருவி. பட்டறையின் 2.2 கிலோவாட் மோட்டர், அதன் ஆறு முனைகளும் வெளியே எடுக்கப்பட்டதாக. மிதவைகளுக்குப் பதிலாக மூன்று சாதாரண சுவிட்சுகள் ஒரு பலகையில். சோதனைச் சப்ளை ட்ரிப் சுவிட்ச் ஊடாக மட்டும். உயிருள்ள பனலில் தனியாக யாரும் கை வைக்கக் கூடாது.

முதல் நாள்: மின்சாரம் இல்லாமல்

□ சுற்றுப்படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் பனலில் அதே அளவில், அதே இலக்கத்தில் இருக்கிறது. மாற்றிப் போட்டது ஏதும் இருந்தால் சிவப்புப் பேனையால் படத்தில்.
□ வயர் இலக்கங்கள் இரண்டு முனையிலும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்த்தல்.
□ பவர் டெர்மினல்கள், பஸ்பார் போல்ட்டுகள் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கில் இறுக்கி, பெயிண்ட் கோடு. லொறிக் குலுக்கலில் தளர்ந்ததா என்று தளத்தில் இந்தக் கோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.
□ கதவு, கீழ்த்தட்டு, மோட்டர் ஏர்த் முனைகள்: முக்கிய ஏர்த் பாரிலிருந்து 10 ஆம்பியர் செலுத்தி அளந்தால் 0.1 ஓமுக்கு மேல் போகக்கூடாது. கதவுக்குப் பின்னல் ஏர்த் வயர் தனியாக. கீலை நம்ப வேண்டாம்.
□ மெகர்: சர்ஜ் அரெஸ்டர், பேஸ் ரிலே, 24 வோல்ட் சப்ளை, பி.எல்.சி ஆகியவற்றைக் கழற்றிய பின் மட்டும். பேஸ்-பேஸ், பேஸ்-ஏர்த், நியூட்ரல்-ஏர்த். 1 மெகா ஓம் என்பது அடிமட்ட எல்லை. புதுப் பனலில் 20-க்குக் குறைந்தாலே காரணம் தேடுவோம். கழற்றியவற்றைத் திரும்ப மாட்டியதற்குத் தனிக் கையெழுத்து.
□ கேபிள் துளைகள் எல்லாவற்றுக்கும் கிளாண்ட் அல்லது மூடி. வன்னியில் பனலுக்குள் தூசியைவிடப் பெரிய பகை பல்லியும் எறும்பும்தான். ஒரு விரல் நுழையும் துளை இருந்தால் ஏற்பதில்லை.

இரண்டாம் நாள்: மின்சாரத்தோடு

□ முதலில் கன்ட்ரோல் மட்டும், பவர் பிரேக்கர்கள் கீழே. 24 வோல்ட் சரிதானா, விளக்குகள், பட்டன்கள், கதவுச் சுவிட்ச்.
□ ஒவ்வொரு பம்பிலும் ஸ்டாரும் டெல்டாவும் ஒருபோதும் சேர்ந்து பிடிக்காது: மின் இணைப்பால் ஒருமுறை, கையால் அழுத்திப் பொறிமுறைப் பூட்டால் ஒருமுறை.
□ 2.2 கிலோவாட் மோட்டர் ஸ்டாரிலிருந்து 8 செக்கனில் டெல்டாவுக்கு மாறுகிறது, சுற்றும் திசை மாறவில்லை. மாறும் நேரத்தில் மோட்டர் உதறினால் ஆறு வயர்களின் வரிசையைப் பாருங்கள்.
□ ஓவர்லோட் டெல்டாக் கிளைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகையில் 28.5 ஆம்பியர் என்பதற்காக 28.5-இல் வைக்காதீர்கள். 28.5 × 0.58, அதாவது 16.5. இதில் தவறுவது மிக எளிது, தவறினால் மோட்டரைக் காக்க யாரும் இல்லை. 16.5 செலுத்திச் சூடாக்கி, பிறகு 24.75-க்கு ஏற்றினால் 4 நிமிடத்துக்குள் விழ வேண்டும் (வகுப்பு 10). நேரத்தை எழுதுங்கள்.
□ பேஸ் ரிலே: ஒரு பேஸைத் துண்டித்து, இரண்டு பேஸை மாற்றி, வோல்டேஜை 340-க்குக் கீழும் 440-க்கு மேலும் கொண்டுபோய். நான்கிலும் ஓடும் பம்பு நிற்க வேண்டும்.

*வயர் அறுப்புச் சோதனை.* பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழுள்ள வெளி வயர்களை டெர்மினலில் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

□ நிலத்தொட்டி மிதவை: உடனே நிற்கிறது, எச்சரிக்கை வருகிறது
□ மேல்தொட்டி உயர் மிதவை: நிற்கிறது. தொட்டி வழிவதைவிட நிற்பது மேல்
□ மேல்தொட்டி கீழ் மிதவை: ஓடும் சுற்றை முடித்து நிற்கிறது, மறுபடி தானாகத் தொடங்காது
□ அவசர நிறுத்தம்: நிற்கிறது. வயரைத் திரும்ப மாட்டினாலும் தானாக ஓடாது
□ மோட்டர் வெப்ப உணரி: நிற்கிறது, ரீசெட் அழுத்தும்வரை காத்திருக்கிறது

இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்குச் சோதனை நிறுத்தம். சுற்றைத் திருத்தி ஐந்தையும் முதலிலிருந்து.

□ கரண்ட் போய் வருதல்: ஓடும்போது சப்ளையை வெட்டி 5 செக்கன், 1 நிமிடம், 10 நிமிடம் கழித்துக் கொடுக்க வேண்டும். ஓட்டோவில் இருந்தால் மட்டும், 30 செக்கன் பொறுத்து, ஒரு பம்பு மட்டும் எழும்ப வேண்டும்.
□ பம்பு 1 பழுதானால் பம்பு 2 ஏற்கிறது. இரண்டும் பழுதென்றால் சைரன்.
□ ஒப்பரேட்டர் அண்ணை தனியே நின்று, நாங்கள் வாய் திறக்காமல், ஓட்டி நிறுத்தி ஓர் எச்சரிக்கையை ரீசெட் செய்கிறார். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கதவு எழுத்தை மாற்றுவோம். எழுத்துகள் தமிழிலும் இருக்க வேண்டும்.

முழுச் சுமையும் அதன் சூடும் இங்கே பார்க்க முடியாது. 2.2 கிலோவாட் மோட்டரை ஓட்டிவிட்டு "வெப்பம் சரி" என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அது தளத்தில், உண்மையான பம்போடு, நண்பகலில்.

குறைகள்

குறைகளை இரண்டாகப் பிரித்தெழுதுவோம். பாதுகாப்பு, பாகத்தின் அளவு, வயர் அறுப்புச் சோதனை சார்ந்தவை முதல் வகை: தீராமல் பனல் வாசலைத் தாண்டாது. கீறல், எழுத்துப்பிழை போன்றவை இரண்டாம் வகை: யார், எந்த நாளுக்குள் என்று எழுதி அனுப்பலாம். எந்த வகை என்று இழுபறி வந்தால் முதல் வகை. வியாழன் மாலை 4 மணிக்கு இரு தரப்பும் கையெழுத்து. வெள்ளிக்கிழமையை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டாம், திருத்தவும் மறுபடி சோதிக்கவும் அது வேண்டும்.

ஏற்றுமுன், சனி காலை

□ பி.எல்.சி நிரலின் கடைசிப் பிரதி பென்டிரைவில், வாடிக்கையாளரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று
□ சிவப்புத் திருத்தங்கள் ஏறிய சுற்றுப்படம் கதவின் உட்பையில், பிளாஸ்டிக் உறைக்குள்
□ உதிரி: கொன்டாக்டர் ஒன்று, ஓவர்லோட் ஒன்று, பியூஸ் பத்து, ரிலே இரண்டு
□ உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், வெளியே இரட்டைப் பொலித்தீன், நிமிர்ந்த நிலையில் நான்கு பக்கமும் கயிறு. படுக்கவைத்து ஏற்றினால் ஏற்பதில்லை
□ சாவி இரண்டும் பனலில் கட்டாமல், ஒன்று ஒப்பரேட்டர் அண்ணையிடம், மற்றது பட்டறை அலமாரியில்