பூசம் அன்னதானம்: வெள்ளைப்பலகை படத்துல இருந்து எழுதின வேலை வரிசை

வணக்கம் எல்லாருக்கும். நேத்து மீட்டிங் முடிஞ்சு போர்ட அழிக்கிறதுக்கு முன்னாடி நான் போன்ல மூணு படம் எடுத்தேன்ல, அத பாத்து இங்க வரிசையா எழுதியிருக்கேன், ஏன்னா படத்த பெருசு பண்ணி பாத்தா பாதிப் பேருக்கு கண்ணு வலிக்குதுன்னு சின்னம்மா சொன்னாங்க, அதுவும் அம்பு அம்பா குறுக்க நெடுக்க போவுது, அடுப்பு பக்கத்துல நின்னு அத யாரு படிப்பா.

மேற்கோள் குறிக்குள்ள இருக்குறது எல்லாம் போர்டுல இருக்குற எழுத்து, எழுத்துப்பிழையோட அப்படியே. வெளிய இருக்குறது நான் சொல்றது. நான் எதையும் திருத்தல, எதையும் தள்ளல, அடிச்சு விட்டதக் கூட போட்டிருக்கேன். மொத்தம் வட்டம் 2, கட்டம் 20, கேள்வி டைமண்ட் 4, மஞ்ச ஒட்டுத்தாள் 2. எண்ணிட்டேன், கொறஞ்சா என் மேல.

மேல தலைப்பு: "பூசம் அன்னதானம் வேலை ஓட்டம், 2ம் திருத்தம், 500 பேரு". வலது கீழ் மூலையில கலர் விவரம்: "நீலம் அடுப்படி", "பச்ச பந்தல்", "செவப்பு லோரி".

நீலம், அடுப்படி

1. வட்டம். "ஆரம்பம் ராத்திரி 10". எந்த ராத்திரின்னு போர்டுல இல்ல. வெள்ளி ரதம் கோவில் வீட்டுல இருந்து கெளம்புறது பூசத்துக்கு மொத நாள் காலையில, அதுக்கு முந்தின ராத்திரின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா புதுசா வர்ற பசங்களுக்கு தெரியாது.

2. கட்டம். "சாமான் செக்". பக்கத்துல கோடு போட்டு தொங்க விட்டிருக்கு: "அரிசி 4 மூட்ட", "பருப்பு 12 கிலோ", "கேஸ் தோங் 6", "சீனி 15 கி". மூட்ட பத்து கிலோவா இருபத்தஞ்சான்னு இல்ல. 500 பேருன்னா பத்து கிலோ மூட்டயாத்தான் இருக்கணும், ஆனா அது என் கணக்கு.

3. டைமண்ட். "எல்லாம் இருக்கா?"
 "ஆமா" அம்பு 4க்கு போவுது.
 "இல்ல" அம்பு 3அ-க்கு போவுது.

3அ. கட்டம். "பாசாருக்கு" அடிச்சு விட்டு அதுக்கு மேல "24 மணி கடைக்கு", அப்புறம் "ஆள் அனுப்பு". இங்க இருந்து அம்பு திரும்பி 2க்கே வருது, அதாவது வாங்கிட்டு வந்து மறுபடியும் முழுசா செக் பண்ணணும். சரியான வேலதான், போன வருஷம் சீனிய வாங்கிட்டு வந்தவரு பருப்ப மறந்தது ஞாபகம் இருக்கட்டும்.

4. கட்டம், அடியில ரெண்டு கோடு. "ஊசி போட்டவங்க மட்டும் உள்ள". டைஃபாய்டு ஊசிதான், மூணு வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும், கார்ட போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க.

5. இங்க அம்பு ரெண்டா பிரியுது, ரெண்டும் ஒரே நேரத்துல.
 5அ. கட்டம் "காய் வெட்டு", அம்பு மேல "அக்காமார்".
 5ஆ. கட்டம் "பருப்பு வேக வை", அம்பு மேல "பெரிய அடுப்பு".

6. கட்டம். "சாம்பார் கூட்டு". 5அ, 5ஆ ரெண்டு அம்பும் இங்க வந்து சேருது, ரெண்டும் முடிஞ்சாத்தான் இது.

நம்பர் இல்லாத கட்டம். "அரிசி ஊற 30 நிமி". இதுக்குள்ள எந்த அம்பும் வரல, இதுல இருந்து மட்டும் ஒரு அம்பு 7க்கு போவுது. யாரு, எப்ப ஊறப்போடுறதுன்னு போர்டு சொல்லல. நானா ஒரு நம்பர் குடுத்தா அது நான் முடிவு பண்ண மாதிரி ஆயிடும், அதான் குடுக்கல.

7. கட்டம். "சாதம் வடி 1ம் ஈடு". 6லயிருந்தும் ஒரு அம்பு வருது, ஊறுற அரிசியில இருந்தும் ஒண்ணு வருது.

8. டைமண்ட். "ருசி சரியா?"
 "ஆமா" 9க்கு.
 "உப்பு கம்மி" 6க்கு திரும்புது.
 "உப்பு ஜாஸ்தி" 8அ-க்கு.

8அ. கட்டம். "உருளகெழங்கு போடு". அம்பு 8க்கே திரும்பி வருது. கெழங்கு போட்டா உப்பு எறங்குமா எறங்காதாங்கிற சண்டய இங்க ஆரம்பிக்காதீங்க, மீட்டிங்கிலயே இருபது நிமிஷம் போச்சு.

9. கட்டம். "படயல் எடுத்து வை". சின்னம்மா, இதப் படிச்சதும் நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். போர்டுல ருசி பாக்குறது 8, படையல் 9. சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி நாக்குல வைக்கக் கூடாதுன்னு பாட்டி காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றோம், ஆனா போர்டுல அம்பு அப்படித்தான் இருக்கு, மூணு படத்துலயும் பாத்துட்டேன். நான் மாத்தி எழுதினா நாளைக்கு போர்டு ஒண்ணு சொல்லுது பேப்பர் ஒண்ணு சொல்லுதுன்னு வரும். ஞாயித்துக்கெழம நீங்களே வந்து மாத்தச் சொல்லுங்க.

10. கட்டம். "தோங்குல அடை, மூடி கட்டு". இதுல இருந்து வெளிய போற அம்பு மேல ரெண்டு எழுத்து. ஒண்ணு "சூடு ?0க்கு மேல", மொத இலக்கத்து மேல டியூப்லைட் வெளிச்சம் அடிச்சிருக்கு, 6ஆ 8ஆன்னு சொல்ல முடியல. 2009 உணவு சுகாதார விதிமுறைல சூடா பரிமாறுற சாப்பாடு 60 டிகிரிக்கு கொறயக் கூடாதுன்னு இருக்கு, அதனால 60தான்னு தோணுது, எழுதினவங்க உறுதி பண்ணுங்க. இன்னொண்ணு "4 மணிக்குள்ள". காலையில நாலு மணிக்குள்ள அடைக்கணுமா, இல்ல சமைச்சு நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கணுமா? லோரி 4.30க்கு கெளம்புறதால மொதலாவதும் பொருந்துது, ஆனா ரெண்டாவதா இருந்தா நம்ம மொத்த நேரமும் மாறிப்போவும், ஏன்னா பன்னெண்டு மணிக்கு எறக்கின சாம்பார் காலையில எட்டு மணிக்கு பந்தல்ல இருக்கக் கூடாது. எனக்கு இதுதான் போர்டுலயே பெரிய ஓட்ட.

செவப்பு, லோரி

11. கட்டம். "லோரி 4.30 கெளம்பு", கீழ "ஆயர் ஈத்தாம் → ஜாலான் உத்தாமா". இதுக்கு மேல மஞ்ச ஒட்டுத்தாள்: "ரோடு மூடுறதுக்கு முன்னாடி!!" ரெண்டு ஆச்சரியக்குறி, அதயும் விடல.

12. டைமண்ட். "ரோடு தொறந்திருக்கா?"
 "ஆமா" 13க்கு.
 "இல்ல" 12அ-க்கு.

12அ. கட்டம். "தள்ளுவண்டி 2". அம்பு மேல "பாய்லர் தம்பி + 3 பேரு". அது 13க்கு போவுது.

பச்ச, பந்தல்

13. கட்டம். "பந்தல்ல எறக்கு".

14. கட்டம். "கை கழுவு, கையொற, தொப்பி".

15. அம்பு மூணா பிரியுது.
 15அ. கட்டம் "மோர் தோங்". அம்பு நேரா 18க்கு.
 15ஆ. கட்டம் "சிராப் தண்ணி". இதுவும் 18க்கு. ஓரத்துல சின்னதா "ஐஸ் அண்ணே 7 மணி".
 15இ. கட்டம் "சாப்பாடு வரிச". உள்ளயே ரெண்டு வரி: "1 பெரியவங்க, காவடி ஆளுங்க", "2 மத்தவங்க". அம்பு 16க்கு.
 இதுக்கு பக்கத்துல ரெண்டாவது ஒட்டுத்தாள்: "ரதம் வரும்போது பரிமாறுறத நிறுத்து 20 நிமி". அதுல இருந்து புள்ளி புள்ளியா ஒரு கோடு 15இ-க்கு மட்டும் வருது. மோரும் சிராப்பும் நிக்கணுமான்னு இல்ல. நம்ம பந்தல் முன்னாடிதான் தேங்கா ஒடைக்கிறாங்க, தண்ணி தெறிக்கும், ஓடு பறக்கும், பந்தல் ஓரத்துல கொழந்தைங்க நிக்கும், அத யாரு பாக்குறதுன்னும் போர்டுல இல்ல.

16. கட்டம். "வாழயில / பேப்பர் தட்டு". அதுக்குள்ள "போலிஸ்ட்ரின்" எழுதி மேல பெருசா குறுக்கு கோடு. பினாங்குல அது தடதான, சாமான் செட்ல யாராவது பழைய டப்பா கட்டு வச்சிருந்தா வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

17. டைமண்ட். "சாதம் தீர போவுதா?"
 "ஆமா" அம்பு நீளமா வளஞ்சு 7க்கு போவுது, மேல "போன் பண்ணு". சாதம் மறுபடி வடிச்சா 8, 9, 10 எல்லாம் திரும்ப வரும், அதாவது ரெண்டாம் ஈட்டுக்கும் படையல். வேணுமா வேணாமா தெரியல.
 "இல்ல" அம்பே கெடயாது. 18க்குள்ள மோரும் சிராப்பும்தான் போவுது, சாப்பாடு போகல. போர்ட அப்படியே நம்பினா நம்ம சாப்பாடு வரிச முடியவே முடியாது, தண்ணிமல முருகனுக்கு சந்தோஷம்தான், நம்ம முதுகுக்கு இல்ல.

18. கட்டம். "குப்ப பிரி". கீழ மூணு கெள: "எல", "பிளாஸ்டிக்", "தேங்கா செரட்ட". மூணாவதுல மட்டும் ஒரு அம்பு, மேல "ஆயா வீட்டு அடுப்புக்கு". நான் கேட்டேன், உண்மதான், ஆயா கேட்டு வச்சிருக்காங்களாம்.

19. வட்டம். "முடிவு, பாத்திரம் எண்ணி லோரில ஏத்து". எத்தன பாத்திரம்னு எண்ணிக்க எங்கயும் இல்ல, அப்ப எதோட ஒப்பிட்டு எண்ணுறது? டீச்சர் அக்கா, கெளம்பும்போது உங்க நோட்டுல எழுதி வச்சுக்கிறீங்களா?

ஓட்டத்துல சேராதது, ஆனா போர்டுல இருக்கு

இடது மேல் மூலையில "மார்க்கர் வாங்கு (நீலம் காஞ்சுபோச்சு)". அதுக்கு கீழ ஒரு போன் நம்பர் இருக்கு, குரூப்புல போடக்கூடாதுன்னு இங்க எழுதல, வேணும்னா தனியா கேளுங்க, எழுதாம விட்டது அது ஒண்ணுதான். நடுவுல 7க்கும் 12க்கும் இடையில கருப்பு மார்க்கர்ல ஒரு மயில், தலைக்கு மேல "வேல் வேல்", தம்பி மகன் வரஞ்சது, அதோட வால் வழியாத்தான் 17லயிருந்து 7க்கு போற அம்பு போவுது, அதனால மொத படத்துல அது மயில் இறகு மாதிரி தெரிஞ்சுது, ரெண்டாவது படத்துலதான் அம்புன்னு புரிஞ்சுது. வலது ஓரத்துல பாதி அழிஞ்ச ஒரு சொல், "...ங்கு தண்ணி" மட்டும் மிச்சம். முன்னாடி என்ன இருந்துச்சுன்னு படத்துல கெடயாது, நொங்கு தண்ணியான்னு தோணுது, ஆனா நொங்கு இங்க அந்த நேரத்துல யாரு கொண்டு வருவாங்க.

ஞாயித்துக்கெழம பசியாறிட்டு பத்து மணிக்கு உக்காரும்போது இந்த ஆறுக்கு மட்டும் பதில் வேணும்: படையல் 8க்கு முன்னாடியா பின்னாடியா, 10ல "?0" என்ன, "4 மணிக்குள்ள"ன்னா என்ன, அரிசிய யாரு ஊறப்போடுறது, 17ல "இல்ல" எங்க போவுது, ரதம் நிக்கும்போது மோரும் நிக்குதா. பதில் வந்ததும் நம்பர மாத்தி மறுபடி அனுப்புறேன், அதுவரைக்கும் இத பிரிண்ட் எடுத்து அடுப்படியில ஒட்டாதீங்க அண்ணே, போன தடவ மாதிரி பழசு சுவத்துலயே இருந்துடும்.