அழிறப்பரை வீட்டில் விட்டிட்டு வாருங்கள்

(வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால். ஒரே எடுப்பு.)

வணக்கம் பிள்ளைகள். கேட்குதா? வெளியில் அருவிவெட்டு மெசின் ஓடுது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே கதைக்கிறேன். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஓ.எல் தொடங்குது. புதுசாக ஒன்றும் படிப்பிக்க வரவில்லை, பயப்பட வேண்டாம். போன கிழமை முன்னோடிப் பரீட்சைக் கணிதத் தாள்களைத் திருத்தியபோது கண்ட ஒன்றைச் சொல்லவேணும், அவ்வளவுதான்.

(ஒரு தாளைக் கமராவுக்கு நேரே பிடிப்பது. பெயரையும் சுட்டெண்ணையும் விரலால் மறைக்கவும்.)

இந்தப் பக்கத்தைப் பாருங்கள், வெறுமையாகத்தானே இருக்கு? நானும் அப்படித்தான் நினைத்து பூச்சியம் போடப் போனேன். ஆனால் தாள் ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து மெல்லிசாக இருந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பென்சிலால் எழுதி அழிறப்பரால் தேய்த்திருக்கு: (x − 2)(x − 3) = 0. அதுதான் சரியான விடைக்குப் போகிற வழி! எழுதினது யார் என்று சொல்ல மாட்டேன், அந்த ஆளுக்குத் தெரியும். பக்கத்து வாங்கில் இருந்தவர் வேறு ஏதோ எழுதுகிறாரே என்று பயந்து அழித்திருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

எனவே என் கணக்கில் ஒரு சட்டம்: எழுதினதை அழிக்கக்கூடாது. பிழை என்று பட்டால் ஒரு கோடு கீறி வெட்டிப்போட்டு, கீழே திரும்ப எழுதுங்கள். செய்கைக்கும் புள்ளி இருக்கு, கடைசி விடை பிழைத்தாலும் முதல் இரண்டு வரிக்கு ஏதாவது கிடைக்கும், வெறும் பக்கத்துக்கு யாராலும் ஒன்றும் போட ஏலாது. கேத்திரகணித அமைப்பிலும் அப்படித்தான். கவராயத்தால் கீறின வில்லுகளை “வடிவாக இருக்கட்டும்” என்று அழித்துவிடாதீர்கள். அந்த வில்லைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள்.

பகுதி I உங்களுக்குத் தெரியும், ஏ பகுதியில் 25 சின்னக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. ஒன்றில் சிக்கிக்கொண்டு அந்தரப்படாமல் அடுத்ததுக்குப் போங்கள், பிறகு திரும்பி வரலாம். பகுதி II இல் ஏ, பி இரண்டிலும் ஆறு ஆறு கேள்வி வரும், ஐந்து ஐந்து செய்தால் போதும். தொடங்க முன் வாசிக்கத் தருகிற பத்து நிமிடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டு, எதை விடுவது என்று மட்டும் முடிவெடுங்கள். பின் வாங்கு ஆட்களுக்குத் தனியாக ஒன்று: S எடுக்க 35 போதும். அந்த 35 உங்களிடம் ஏற்கெனவே இருக்கு, உங்கள் கொப்பிகளைத் திருத்துகிற எனக்குத் தெரியாதா?

நான் ஓ.எல் எழுதினது 2010 டிசம்பர், மீளக்குடியேறின புதிது, தறப்பாள் கொட்டிலும் குப்பி விளக்கும். அந்தக் கதையைச் சொல்லி அலுப்படிக்கப் போவதில்லை, அதை உங்கள் அம்மம்மாவே நல்லாகச் சொல்லுவா. நான் விட்ட பிழைக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. பட்டப்பகலில், மண்டபத்தில், கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் சிநேகிதி “அந்தச் சிலிண்டர் கணக்கு என்ன விடை?” என்று கேட்க, நான் “எந்தச் சிலிண்டர்?” என்றேன். இப்போது சிரிக்கலாம், அன்றைக்கு வீடு வரைக்கும் அழுதுகொண்டே சைக்கிள் உழக்கினேன். அதனால் தாளைக் கட்டிக் கொடுக்க முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு நீலப் பேனை, கொம்பாஸ் பெட்டி எல்லாவற்றையும் முதல்நாள் இரவே ஒரு பையில் போட்டுவிடுங்கள். அட்டையில் அதிபரின் கையெழுத்து இருக்கா என்றும் பாருங்கள். குளக்கட்டுப் பக்கத்தால் வருகிறவர்கள் விடியப்புறம் தனியாக வரவேண்டாம், யானை நிற்குது, அப்பாவோ அண்ணாவோ கூட்டிக்கொண்டு வரட்டும். அம்மா அப்பா யாரும் இதைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள், இந்தக் கிழமை மட்டும் நெல் காயப்போடப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்.

காலையில் புட்டோ பாணோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 7.30க்கு நான் கேற்றடியில் நிற்பேன், என் பையில் மேலதிகப் பேனை இருக்கும். சரி, வைக்கிறேன், ஆரோ வீட்டு மாடு பள்ளிக்கூட வேலிக்குள் தலையை விட்டிட்டுது.