மின்விசிறி இறக்கைகளைக் கழற்றித் துப்புரவு செய்வது தொடர்பான அறிவித்தல்

விடுதியில் தங்கியிருக்கும் அனைவருக்கும்,

மாரி மழை தொடங்குமுன் எல்லா அறைகளின் மின்விசிறிகளையும் துப்புரவு செய்வதற்காக எதிர்வரும் சனிக்கிழமை காலை 8.30 மணி முதல் நண்பகல் வரை ஒதுக்கப்பட்டுள்ளது. கல்லடியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருப்பதால், காற்றோடு வரும் உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்து இறக்கைகளின் மேற்புறத்தில் பிசுபிசுப்பாகப் படிகின்றன. தொங்கும் நிலையிலேயே அதை அழுத்தித் துடைத்தால் இறக்கை வளைந்து, பின்னர் விசிறி ஆடத் தொடங்கும். எனவே கழற்றிக் கழுவுவதே நல்லது. ஆனால் அதே உப்பு ஸ்குரூக்களையும் துருப்பிடித்து இறுகச் செய்திருப்பதால், பல அறைகளில் அவை இலகுவில் அசையமாட்டா. அவ்வாறு இறுகியவற்றை எப்படிக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் மேல்மாடியில் ஒருவர் சுவரிலுள்ள சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு, கட்டிலின் மேல் கதிரையை வைத்து ஏறி நின்று இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்த நண்பர் விளக்கைப் போடுவதாக எண்ணி விசிறியின் சுவிச்சை அழுத்திவிட்டார். விசிறி மெதுவாகத்தான் சுழலத் தொடங்கியது. என்றாலும் இறக்கையின் விளிம்பு மணிக்கட்டில் பட்டு மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. கதிரையிலிருந்து அவர் விழாமல் தப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆகவே சுவர்ச் சுவிச்சை நிறுத்துவதோ ரெகுலேட்டரைப் பூச்சியத்துக்குத் திருப்புவதோ போதுமானதென்று எவரும் கருதக்கூடாது. பழைய கட்டடங்களில் சுவிச் தவறான வயரில் இணைக்கப்பட்டிருந்தால், அதை நிறுத்திய பின்னரும் விசிறிக்குள் 230 வோல்ற் மின் இருக்கக்கூடும்.

எனவே ஒவ்வொரு மாடியின் படிக்கட்டருகே உள்ள மின்பெட்டியில் அந்த மாடிக்குரிய பிரதான சுவிச்சை நானே நிறுத்தி, பெட்டியைப் பூட்டி, திறப்பை என்னிடம் வைத்துக்கொள்வேன். நான் வந்து "நிறுத்தியாயிற்று" என்று சொல்லும் வரை யாரும் ஏணியில் ஏற வேண்டாம். நான் சொன்ன பின்னரும், உங்கள் அறையின் விளக்கையும் விசிறியையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, இரண்டும் இயங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சுவிச்சுகளை மீண்டும் நிறுத்திவிடுங்கள். வேலை முடியும் வரை எவரும் மின்பெட்டியைத் திறக்கும்படி என்னிடம் கேட்கக்கூடாது. கைத்தொலைபேசிகளை வெள்ளி இரவே சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

ஓர் அறையில் எப்போதும் இருவராகவே வேலை செய்ய வேண்டும். ஒருவர் விரிக்கும் ஏணியில் ஏற, மற்றவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, கழற்றிய இறக்கையை வாங்கிக்கொள்ளட்டும். விடுதியில் மூன்று ஏணிகள்தான் இருப்பதால் முறை வைத்துப் பயன்படுத்த வேண்டியிருக்கும். தாமதமாகிறதே என்று கட்டில், மேசை, கதிரை ஆகியவற்றின் மேல் ஏறாதீர்கள். ஏணியின் உச்சிப்படியிலும் நிற்க வேண்டாம். தூசி கண்ணில் விழுமாதலால், கண்ணாடி இருப்பவர்கள் அதை அணிந்துகொள்வதும், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும் நல்லது.

ஏறியவர் முதலில் விசிறி தொங்கும் குழாயைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். மேலே கொக்கியிலுள்ள ஊசி துருவேறியிருந்தாலோ, குழாய் வழக்கத்துக்கு மாறாக ஆடினாலோ உடனே இறங்கி எனக்கு அறிவியுங்கள். அந்த விசிறியை மின்னியலாளர் பார்த்த பின்பே வேறெவரும் தொடலாம்.

ஒவ்வோர் இறக்கையும் ஓர் இரும்புக் கையோடு பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கை மோட்டாரின் உடலோடு ஸ்குரூக்களால் பிணைக்கப்பட்டிருக்கும். கழற்ற வேண்டியது மோட்டாரோடு சேரும் இடத்திலுள்ள ஸ்குரூக்களை மட்டுமே. இறக்கையையும் கையையும் பிரிக்காமல் ஒன்றாகவே இறக்குங்கள்; பிரித்தால் பழைய அளவில் மீண்டும் பொருத்துவது கடினம். கழற்றுமுன், மூன்று கைகளிலும் அவை பொருந்தும் மோட்டார்ப் பகுதிகளிலும் 1, 2, 3 என்று அடையாளமிட்டு, ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே திரும்பிப் போகுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகிய ஸ்குரூவை முதலில் உலர்ந்த பல்துலக்கியால் தேய்த்து, அதன் தலையிலுள்ள பள்ளத்தில் அடைந்திருக்கும் துருவையும் அழுக்கையும் நீக்குங்கள். நான் தரும் துருநீக்கி எண்ணெயை ஒரு துணியின் முனையில் நனைத்து, ஸ்குரூவின் அடியில் இரண்டு துளி படும்படி வைத்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நேரே பீச்சியடித்தால் எண்ணெய் மோட்டாருக்குள் வழிந்து சேதம் விளைவிக்கும். இந்த எண்ணெய் எளிதில் தீப்பற்றக்கூடியது. அறையில் நுளம்புத்திரியோ வேறு நெருப்போ இருக்கக்கூடாது. சிலர் தேங்காய் எண்ணெய் போடுவதுண்டு. அது துருவுக்குள் இறங்குவதில்லை, பின்னர் தூசியைத்தான் சேர்க்கும்.

பிறகு தலையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரை வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு திருப்புங்கள். துருவின் பிடி விட்டதென்பதைச் சிறிய "டக்" என்ற சத்தத்தில் அறியலாம். அதன் பின்னர் ஸ்குரூவின் தலையை நேரே பார்த்து, கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பெரும்பாலும் இளகும். அப்போது மோட்டாரும் சேர்ந்து சுழலுமாகையால், மறு கையால் இரும்புக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கையின் நுனியைப் பிடித்தால் அது வளைந்துவிடும். தலை தேய்ந்து டிரைவர் நழுவினால், இறப்பர் வளையத்தின் ஒரு துண்டைப் பள்ளத்தின் மேல் வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். கடைசி ஸ்குரூவைக் கழற்றுமுன் கீழே நிற்பவர் கைநீட்டத் தயாராக இருக்கட்டும்.

இரண்டு முறை எண்ணெய் போட்டும் அசையாத ஸ்குரூவை அப்படியே விட்டுவிட்டு அறை எண்ணை எனக்குச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டுவதோ, உளி வைப்பதோ, குறட்டால் நெம்புவதோ வேண்டாம். அந்த அடி மோட்டாரின் பேரிங்கையும், விசிறியைத் தாங்கும் கொக்கியையும் பாதிக்கும். ஓர் இறக்கை மட்டும் கழன்று மற்றவை இறுகியிருந்தால், கழன்றதைக் கழுவி மீண்டும் பூட்டிவிட வேண்டும். இரண்டு இறக்கைகளோடு எந்த விசிறியையும் ஓடவிடக்கூடாது.

கழற்றிய இறக்கைகளைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் இருபுறமும் துடைத்து, நிழலில் முழுமையாக உலரவிடுங்கள். மோட்டாரை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். ஸ்குரூக்களையும் வோஷர்களையும் அறைக்கொரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பூட்டும்போது எல்லா ஸ்குரூக்களையும் முதலில் தளர்வாக மாட்டி, பின்னர் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எல்லா அறைகளையும் நான் பார்த்த பின்னரே மின்சாரம் மீண்டும் வழங்கப்படும். அப்போது விசிறிக்கு நேர் கீழே யாரும் நிற்காமல், மிகக் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆட்டமோ உரசும் சத்தமோ இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எவருக்கேனும் மின் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தும்படி என்னை உரக்க அழைத்துவிட்டு, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். உயரத்தில் நிற்கத் தலைசுற்றுபவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் தயங்காமல் என்னிடம் சொல்லலாம். அவர்களது அறையை வேறு இருவர் பொறுப்பேற்பார்கள். எண்ணெய், ஸ்குரூ டிரைவர், இறப்பர் வளையங்கள் ஆகியவற்றை வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பின் காரியாலயத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

விடுதிப் பொறுப்பாளர்
கல்லடி, மட்டக்களப்பு