வண்டன்மேடு ஏலத்தோட்டம்: ஆகஸ்ட் மாத அறிக்கை

பெறுநர்: நிர்வாக இயக்குநர், நிதி இயக்குநர், போடி தலைமை அலுவலகம்
அனுப்புநர்: தோட்ட மேலாளர், வண்டன்மேடு
தேதி: செப்டம்பர் 1

இந்த மாதம் உங்களிடமிருந்து மூன்று முடிவுகள் வேண்டும். அவசர வரிசையில் எழுதியிருக்கிறேன். களையெடுப்பு, உரம், கவாத்து எல்லாம் தினப்பதிவேட்டில் இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை.

1. ஆட்கள் வரும் ஜீப்: செப்டம்பர் 5க்குள் பதில் வேண்டும்

கம்பம் பக்கத்திலிருந்து தினமும் 64 பேர் காய் எடுக்க வருகிறார்கள். கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஐந்து ஜீப்பில், ஒரு வண்டிக்கு 12, 13 பேர். ஆளுக்கு ₹170 என்று நாம் வாடகை கொடுப்பதுதான் இதற்குக் காரணம். ஆள் சேர்ப்பவரும் டிரைவர், காசு வாங்குபவரும் டிரைவர். தலைக்கு இவ்வளவு என்றால் இன்னும் இரண்டு பேரை ஏற்றத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கை அப்படிப் போட்டது நாம். மழையில் அந்த வளைவுகளில் ஏதாவது நடந்தால், அளவுக்கு மேல் ஏற்றிய வண்டிக்குக் காப்பீடு கை கொடுக்குமா என்பதும் சந்தேகம்.

வண்டிக்கு ₹2,200 என்று பேசி, எட்டு ஜீப்பில் எட்டெட்டுப் பேராக அழைத்து வரலாம். தினச்செலவு ₹10,880லிருந்து ₹17,600 ஆகும். 25 வேலை நாளுக்கு ₹1.68 லட்சம் கூடுதல். மூன்று டிரைவர்களிடம் வாய்ப்பேச்சு முடித்துவிட்டேன். பூட்டிக் கிடக்கும் லயத்தைச் சரிசெய்து 12 குடும்பங்களைத் தங்க வைப்பது இன்னொரு வழி. அதற்கு ₹4 லட்சம் ஆகும், ஆனால் இந்த சீசனுக்குள் முடியாது.

என் பரிந்துரை எட்டு ஜீப். பதில் வராவிட்டால் 8ஆம் தேதி முதல் இருக்கும் ஐந்து ஜீப்பிலும் எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற விடமாட்டேன். அப்போது 40 பேர்தான் வருவார்கள். எடுப்புச் சுற்று நீளும், காய் செடியிலேயே பழுத்து வெடிக்கும். அந்த நஷ்டத்தையும் தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

2. இரண்டாவது உலர்த்தி: செப்டம்பர் 8க்குள்

நம் ஸ்டோரில் ஒரு நாளைக்கு 1,500 கிலோ பச்சைக்காய்தான் காயும். எடுப்பு உச்சத்தில் 2,200 கிலோ வருகிறது. மிச்சம் 700 கிலோவைப் பக்கத்து ஸ்டோருக்கு அனுப்புகிறோம், கிலோவுக்கு ₹12 கூலி. அவர்களுடைய காய் முடிந்த பிறகுதான் நம்முடையதை ஏற்றுவார்கள். ஆகஸ்டில் நான்கு நாள் நம் காய் சாக்கிலேயே மறுநாள் வரை கிடந்து சூடேறியது. பச்சை நிறம் வெளுத்த அந்தக் காய் புற்றடி ஏலத்தில் கிலோவுக்கு ₹90 குறைவாகப் போனது. ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய் என்று வைத்தால், நான்கு நாளில் சுமார் ₹50,000 போய்விட்டது.

800 கிலோ உலர்த்திக்கு ₹6.5 லட்சம் கேட்கிறார்கள். நம் ஸ்டோரில் காய வைத்தாலும் விறகுக்கும் ஆளுக்கும் கிலோவுக்கு ₹5 ஆகும், ஆக மிச்சம் ₹7தான். வருடத்தில் உச்ச நாள் 40 என்றால் சுமார் ₹1.96 லட்சம். கூலியை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அப்படிப் பார்த்து வேண்டாம் என்றால் நான் மறுக்க முடியாது. நிறம் கெடுவதையும் சேர்த்தால்தான் வாங்குவது சரி, நான் அந்தப் பக்கம். ஆர்டர் கொடுத்த ஐந்தாவது வாரத்தில் இறக்கிவிடுவார்கள். 8ஆம் தேதி தாண்டினால் மூன்றாவது சுற்றுக்குக் கிடைக்காது, இந்த வருடம் வாங்குவதிலும் அர்த்தமில்லை. ஒப்புதல் வந்தாலும் இறங்கும் வரை வெளிக்கூலிதான்.

3. ஏற்றுமதிக்கு ஒதுக்கிய 600 கிலோ: செப்டம்பர் 12க்குள்

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. குயினால்பாஸ் எச்சம் நம் நாட்டு வரம்புக்குள் இருக்கிறது, சவுதி வாங்குபவர் கேட்கும் வரம்பைத் தாண்டுகிறது. வைத்திருப்பதால் எச்சம் குறையாது. புற்றடி ஏலத்தில் விற்க அனுமதி வேண்டும். அத்துடன், அடுத்த சுற்றுக்கு இரண்டாம் பிளாக்கில் அந்த மருந்தை நிறுத்தலாமா என்றும் சொல்லுங்கள். நிறுத்தினால் இலைப்பேன் சொறி விழுந்த காய் கூடும், அந்தத் தரத்துக்கு விலை குறையும். ஏற்றுமதி வேண்டும் என்றால் இதை ஏற்கத்தான் வேண்டும், வேண்டாம் என்றால் வழக்கப்படியே போகலாம். எந்தச் சந்தைக்கு விளைவிக்கிறோம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தகவலுக்கு மட்டும்

இரண்டாவது சுற்று பாதி முடிந்தது. மகசூல் திட்டமிட்டபடியே வருகிறது. மழையில் சாய்ந்த நிழல்மரங்கள் பற்றித் தனிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன், அதில் உங்கள் முடிவு எதுவும் தேவையில்லை.

வியாழக்கிழமை போடி வருகிறேன். ஜீப் டிரைவர்களுக்கு அன்று மாலைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் முதல் விஷயத்துக்கு மட்டும் அன்று காலையே பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.