அறிமுகம்: மலர்விழி (ஜவ்வாது மலை சாமை) - செந்தில் (உமி நீக்கும் இயந்திரம், கோவை)

வணக்கம் மலர்விழி அக்கா, வணக்கம் செந்தில் சார்,

இருவரிடமும் போன வாரம் தனித்தனியாகக் கேட்டு, "சரி, கோர்த்து விடு" என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் சாமையில் குருணை அதிகமாக விழுகிறது. சாருக்கோ தான் செய்த இயந்திரத்தை ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். புதுச் சாமை களத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதனால் இப்போதே பேசிவிட்டால் நல்லது.

செந்தில் சார், மலர்விழி அக்கா ஜமுனாமரத்தூர் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். நாலு வருடமாக என் கடைக்குச் சாமை அரிசி அவர்களிடம் இருந்துதான் வருகிறது. கணக்கில் அவரை அசைக்க முடியாது. ஒருமுறை நான் எடையில் 300 கிராம் தவறாக எழுதியதை, அதுவும் எனக்குச் சாதகமாக இல்லாத பக்கம், போன் போட்டுத் திருத்தியவர். இந்த சீசனில் 18 டன் சாமை வரும் என்கிறார். இப்போது இருக்கும் இயந்திரத்தில் 100 கிலோ போட்டால் 58 கிலோ அரிசி, அதிலேயே 14 கிலோ குருணை. முழு அரிசி கிலோ 95 ரூபாய்க்குப் போகிறது, குருணை 40 ரூபாய்க்கு. பதினெட்டு டன்னுக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை டன் குருணை, நஷ்டம் மட்டும் கிட்டத்தட்ட 1,40,000 ரூபாய். இந்த எண்களை உங்களிடம் சொல்லலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

உடைவது ஒரு பக்கம் என்றால், உமி போகாமல் அப்படியே வருவது இன்னொரு பக்கம். போன மாதம் வந்த மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பிப் பார்த்தேன். பளபளவென்று உமியோடு இருந்த மணிகளை நகத்தால் ஒதுக்கி எண்ணினேன், இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்திலேயே பாதியாக உடைந்த மணிகள். ஒரே ஓட்டத்தில் இரண்டும் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் கேட்டபோதுதான் "ஏம்ப்பா, சலிக்காமல் போடுகிறார்களா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். பெரிய மணியும் சிறிய மணியும் கலந்து போனால் ஒரே வேகத்தில் பெரியது உடையும், சிறியது தப்பித்து வெளியே வரும் என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இயந்திரம் விற்றவர் இதைச் சொல்லவே இல்லையே தம்பி" என்றார்.

மலர்விழி அக்கா, செந்தில் சார் கோவை கணபதியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு அவரை ஆறு வருடமாகத் தெரியும், என் கடையின் சலிப்பு இயந்திரத்தை அவர்தான் சரிசெய்து கொடுத்தார், அன்றிலிருந்து பழக்கம். வரகுக்கும் தினைக்கும் உமி நீக்கும் இயந்திரம் செய்து ஓட்டியிருக்கிறார். சாமையைச் சந்தையில் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாரே தவிர, மலையில் விளைந்து நேராகக் களத்தில் இருந்து வரும் சாமை அவர் கைக்கு இதுவரை வரவில்லை. ஈரப்பதம் மாறினால் உடைவதும் மாறும், அதனால் பட்டறையில் ஓட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது என்பது அவர் கட்சி. தினமும் ஓட்டி, எவ்வளவு போட்டோம், எவ்வளவு முழுசு, எவ்வளவு குருணை என்று நோட்டில் எழுதி வைக்கிற ஆட்கள் இருக்கும் இடத்தைத்தான் அவர் தேடுகிறார். நோட்டு என்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

கரண்ட் பற்றி அக்கா கேட்டதற்கு சார் சொன்ன பதில்: மூன்று பேஸ் இல்லாவிட்டாலும் இரண்டு எச்பி மோட்டாரை விஎஃப்டி என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து ஒரு பேஸில் ஓட்டலாம், அதிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்யலாம். சாமைக்கு ஒரு வேகம், தினைக்கு ஒரு வேகம். மிச்சத்தை நீங்கள் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் பாதி புரிந்துகொண்டு சொல்வதை விட அது மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் யாரிடமும் எதையும் வாங்குவதாக நான் இருவரிடமும் சொல்லவில்லை. வாங்குவது என்று வந்தால் அக்கா இயக்குநர் குழுவில் வைக்க வேண்டும், அது நேரம் எடுக்கும், சார் அவசரப்படுத்தக் கூடாது. அதேபோல, இயந்திரத்தை இலவசமாக விட்டுவிட்டுப் போவார் என்று அக்காவும் எதிர்பார்க்க வேண்டாம். சோதனை ஓட்டத்துக்குப் போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை முதல் பேச்சிலேயே பேசிவிடுங்கள், பின்னால் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். எனக்கு இதில் கமிஷன் கிடையாது. ஆனால் சுயநலம் உண்டு: குருணை குறைந்தால் என் கடையில் "இது கஞ்சிக்குத்தான் ஆகும்" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் குறைவார்கள்.

முதல் வேலையாக அரை மணி நேரம் போனில் பேசினால் போதும். மலையில் சிக்னல் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வங்கி வேலையாகப் போளூர் இறங்குவார், காலை 11 மணிக்கு மேல் பேச வசதி என்றார். சாருக்கும் செவ்வாய் பரவாயில்லை என்று கேட்டு வைத்திருக்கிறேன். பேசிய பிறகு சரிப்பட்டு வரும் என்று தோன்றினால், குடோனில் இருக்கும் பழைய சாமையில் 50 கிலோவைச் சலிக்காமல் அப்படியே மூட்டை கட்டி கோவைக்கு லாரியில் போட்டுவிடுங்கள் அக்கா. சுத்தம் செய்து அனுப்ப வேண்டாம், உங்களிடம் இப்போது இயந்திரத்துக்குள் எப்படிப் போகிறதோ அப்படியே வர வேண்டும் என்று சார் இரண்டு தடவை சொன்னார்.

சார் நேரில் போவதாக இருந்தால் ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து திருப்பத்தூர் போய் மலைக்குப் பஸ் பிடிப்பது சுலபம். பஸ் நேரத்தை அக்காவிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும், நான் தவறவிட்டிருக்கிறேன்.

இருவரின் போன் நம்பரையும் தனியாக வாட்சப்பில் அனுப்பிவிட்டேன். இந்த மெயிலுக்கு அக்கா முதலில் பதில் போடட்டும், எந்தச் செவ்வாய் என்று மட்டும் சொன்னால் போதும். அதற்குப் பிறகு என்னை மெயிலில் சேர்க்க வேண்டாம், இன்பாக்ஸ் ஏற்கனவே தீபாவளி ஆர்டரில் மூழ்கிக் கிடக்கிறது. 50 கிலோ ஓட்டியதும் எத்தனை கிலோ குருணை விழுந்தது என்று மட்டும் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கதிரவன்
சிறுதானியக் கடை, சென்னை